பல விளைவுகளும் பன்மைத் திருத்தமும் (மனநல மருத்துவச் சோதனைகளில்)

ஒரு மருத்துவச் சோதனையில் ஒன்றுக்கு மேற்பட்ட விளைவுகளை அளக்கும்போது, அவற்றில் ஏதேனும் ஒன்று வெறும் தற்செயலால் வெற்றிபோலத் தோன்றும் வாய்ப்பு கூடுகிறது. இதைப் பன்மைச் சிக்கல் என்பர். அந்த வாய்ப்பைக் கட்டுக்குள் வைக்க, முடிவுகளை ஏற்கும் அளவுகோலை இறுக்குவது பன்மைத் திருத்தம். எந்த விளைவுகளை, எந்த வரிசையில், எந்த விதிப்படி தீர்ப்புக்கு எடுத்துக்கொண்டோம் என்று வெளிப்படையாகச் சொல்வதும் இதன் பகுதியே.

மனநல மருத்துவத்தில் இச்சிக்கல் மற்றத் துறைகளைவிடக் கூர்மையானது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட எண் அளவீடு இருக்கிறது. மனச்சிதைவு நோய்க்கு அப்படி எதுவும் இல்லை. காதில் குரல் கேட்பது குறைந்தாலும் நோயாளி வேலைக்குப் போகாமல் இருக்கலாம். வேலைக்குப் போகிறவருக்குக் குரல்கள் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆகவே நோய்க்குறிகள், செயல்திறன், மருந்து ஒழுங்கு, குடும்பச் சுமை, மறுபடி மருத்துவமனையில் சேர்வது என ஆய்வாளர் பலவற்றை அளக்க வேண்டியிருக்கிறது. இப்படி அளப்பது சரியே. ஆனால் சிகிச்சையால் எந்தப் பலனும் இல்லாத நிலையிலும், ஒவ்வொரு சோதனையும் 5 விழுக்காடு தவறிப்போகலாம் என்று விட்டால், ஒன்றையொன்று சாராத 2 விளைவுகளில் ஒன்றாவது பொய்யாக வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 10 விழுக்காடு. 5 விளைவுகளில் 23 விழுக்காடு, 10 விளைவுகளில் 40 விழுக்காடு. மனநல அளவைகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் உண்மையில் இவ்வெண்கள் சற்றுக் குறையும். மறைந்துவிடுவதில்லை.

காஞ்சிபுரம் மாவட்டம் இடம்பெற்ற சோதனை

தமிழ் வாசகருக்கு இதை விளக்க ஏற்ற சோதனை, 2014இல் ‘தி லான்செட்’ இதழில் சுதிப்தோ சட்டர்ஜி முதலானோர் வெளியிட்ட கோப்சி ஆய்வு. தமிழ்நாட்டில் சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம், கோவாவில் சங்காத், மராட்டியத்தின் சாத்தாராவில் பரிவர்த்தன் என மூன்று அமைப்புகள் இதை நடத்தின. தமிழ்நாட்டுத் தளம் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமப்புறம்.

மனச்சிதைவு நோயுள்ள 282 பேர் குலுக்கல் முறையில் இரு குழுக்களாயினர். 95 பேருக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். 187 பேருக்கு அதோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ச் சமூகப் பணியாளர் வீட்டுக்கே வந்து நோயைப் பற்றி விளக்குவது, மருந்தைத் தொடரச் செய்வது, வேலைக்கும் பிறரோடு பழகுவதற்கும் திரும்ப உதவுவது ஆகியன சேர்ந்தன. 12 மாதம் கழித்து 253 பேரை அளக்க முடிந்தது.

முதன்மை விளைவுகள் இரண்டு. ஒன்று பான்ஸ் அளவை: 30 நோய்க்குறிகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். மற்றொன்று ஐடியாஸ்: தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை ஆகிய நான்கிலும் உள்ள இயலாமையை அளக்கும் இந்திய அளவை. மனநோய்க்கு ஊனச் சான்றிதழ் வழங்க நம் நாட்டில் பயன்படுவது இதுதான் என்பதால் பல குடும்பங்களுக்குப் பழக்கமானது. இரண்டிலும் மதிப்பெண் குறைவது நல்லது.

பான்ஸில் வீட்டுவழிச் சேவைக் குழு கூடுதலாக 3.75 குறைந்தது. 95 விழுக்காடு நம்பக இடைவெளி 7.92 குறைவு முதல் 0.42 கூடுதல் வரை, பி-மதிப்பு 0.08. ஐடியாஸில் கூடுதல் குறைவு 0.95, இடைவெளி 1.68 குறைவு முதல் 0.23 குறைவு வரை, பி-மதிப்பு 0.01. ஐடியாஸ் 0.05 என்ற கோட்டைத் தாண்டியது, பான்ஸ் தாண்டவில்லை. அப்படியானால் இந்தச் சோதனை வென்றதா?

‘ஏதேனும் ஒன்று’, ‘இரண்டும்’

பதில், சோதனை தொடங்குமுன் எழுதி வைத்த விதியைப் பொறுத்தது. இரண்டு முதன்மை விளைவுகளை வைப்பவர் இரண்டில் ஒரு விதியைத் தேர்ந்தாக வேண்டும்.

முதல் விதி: ஏதேனும் ஒன்றில் வென்றாலும் சிகிச்சை வென்றதாகக் கொள்வோம். இங்கே பொய்வெற்றிக்கு இரண்டு கதவுகள் திறந்திருப்பதால் திருத்தம் கட்டாயம். எளியது பான்ஃபெரோனி முறை: 0.05ஐ விளைவுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இரண்டு விளைவுக்கு ஒவ்வொன்றின் வரம்பும் 0.025 ஆகும். ஐடியாஸின் 0.01 அதற்குக் கீழே இருப்பதால் நிற்கிறது. இதே கணக்கை இடைவெளியாகச் சொன்னால், வெளியான எண்களிலிருந்து 97.5 விழுக்காட்டு இடைவெளியை நாமே கணிக்கலாம். அது ஏறக்குறைய 1.78 குறைவு முதல் 0.12 குறைவு வரை வரும். சுழியைத் தொடவில்லை, ஆனால் அதற்கு மிக அருகில் வந்து நிற்கிறது.

1979இல் ஹோல்ம் முன்வைத்த படிமுறை இதைவிடச் சிக்கனமானது. மிகச் சிறிய பி-மதிப்பை முதலில் 0.025உடன் ஒப்பிட வேண்டும். அது தாண்டினால் அடுத்ததை முழு 0.05உடன் ஒப்பிடலாம். ஐடியாஸ் தாண்டுகிறது. அடுத்து வரும் பான்ஸின் 0.08 தவறிவிடுகிறது. பொய்வெற்றிக்கு எதிரான காப்பு இரண்டு முறைகளிலும் ஒன்றே. ஹோல்ம் உண்மையான பலனைத் தவறவிடுவது குறைவு என்பதால் பான்ஃபெரோனியை இனியும் பிடித்துக்கொண்டிருக்க வலுவான காரணம் இல்லை. திருத்திய இடைவெளியை எளிதாகத் தர முடிவது ஒன்றே அதன் வசதி.

இரண்டாவது விதி: நோய்க்குறியும் குறைய வேண்டும், இயலாமையும் குறைய வேண்டும், இரண்டும் நடந்தால்தான் வெற்றி. இங்கே 0.05ஐப் பங்கிட வேண்டியதில்லை, ஏனெனில் பொய்வெற்றி கிடைக்க இரண்டு தடைகளையும் தாண்ட வேண்டும். ஆனால் இந்த விதியில் கோப்சி தோற்றுவிடும். அதே நோயாளிகள், அதே எண்கள், நேர்மாறான தீர்ப்பு. விதியை முடிவு பார்த்த பிறகு தேர்ந்தால் அது விதியே அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒவ்வொரு விதிக்கும் விலை உண்டு. 0.05க்குப் பதில் 0.025 வைத்துக்கொண்டு, உண்மையான பலனைக் கண்டுபிடிக்கும் திறனை 80 விழுக்காட்டிலேயே நிறுத்த வேண்டுமானால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நோயாளிகளைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். ‘இரண்டும்’ என்ற விதியில், ஒவ்வொன்றுக்கும் 80 விழுக்காடு திறன் இருந்தாலும், இரண்டும் தொடர்பற்றவையானால் இரண்டிலும் வெல்லும் திறன் 64 விழுக்காடாகச் சரியும். இந்தக் கணக்கு திட்ட வரைவில் இருக்க வேண்டும். கட்டுரை எழுதும் மேசையில் வந்தால் காலம் கடந்துவிட்டது.

ஊர் வாரியாகப் பிரிக்கும்போது

கோப்சியில் அதிகம் பேசப்பட்ட முடிவு தமிழ்நாட்டுத் தளத்தினுடையது. அங்கே நோய்க்குறி மதிப்பெண் கூடுதலாக 9.29 குறைந்தது, இடைவெளி 15.41 முதல் 3.17 வரை, பி-மதிப்பு 0.003. இயலாமையும் குறைந்தது. சேவை அரிதான கிராமப்புறங்களில் இம்முறையை முதலில் தொடங்கலாம் என்ற பரிந்துரைக்கு இதுவே பின்புலம்.

இந்த எண்ணை எப்படிப் படிப்பது? மூன்று தளங்கள், இரண்டு விளைவுகள் என்றால் ஆறு ஒப்பீடுகள். 0.05ஐ ஆறால் வகுத்தால் 0.0083. 0.003 அதையும் தாண்டுகிறது, எனவே எளிதில் ஒதுக்கக்கூடியதல்ல. ஆயினும் ஒரு தளத்தில் பி-மதிப்பு சிறிது, மற்றவற்றில் பெரிது என்பது தளங்களுக்கிடையே வேறுபாடு உண்டு என்று காட்டிவிடாது. அதற்கு இடைவினைச் சோதனை வேண்டும். தளத்துக்குத் தளம் பலன் மாறுகிறதா என்பதை ஒரே சோதனையில் நேராகக் கேட்பது அது. மூன்று தளங்களில் ஒன்று மேலே நிற்பது இயல்பு. மேலே நின்ற பின் அதற்குக் காரணம் சொல்வது எளிது.

என் கணிப்பில் காஞ்சிபுர முடிவு மறுபடி சோதித்துப் பார்க்கத் தகுந்த ஒரு வலுவான கருதுகோள். புதுச்சேரியில் உறுவையாறு, பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்கு அதை அப்படியே கொண்டுவருமுன் இன்னொன்றையும் கேட்க வேண்டும். இக்கிராமங்களுக்கு ஜிப்மர் மருத்துவமனை எட்டும் தொலைவில் இருக்கிறது. சேவை அரிது என்ற நிபந்தனை இங்கே அதே அளவில் பொருந்தாது.

அதே ஆய்வில் இன்னொரு வரியும் கவனத்துக்குரியது. பான்ஸ் மதிப்பெண் 20 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தவர்கள் இரு குழுவிலும் 51 விழுக்காடே. தொடர் மதிப்பெண்ணை ‘தேறினார், தேறவில்லை’ என்று வெட்டும்போது தகவல் இழப்பு உண்டு. ஆகவே இது முதன்மை முடிவைத் தள்ளிவிடாது. ஆனால் சாதகமில்லாத இந்த எண்ணையும் ஆய்வாளர்கள் சுருக்கத்திலேயே தந்தார்கள். பாராட்ட வேண்டிய செயல்.

மறைத்தால் என்ன ஆகும்

எதிர்ப்பக்கத்தில் நிற்பது 329 என்ற எண்ணால் அறியப்படும் சோதனை. மனச்சோர்வு கொண்ட 275 வளரிளம் பருவத்தினரிடம் பராக்சிடீன் மருந்தைச் சோதித்த இதன் கட்டுரை 2001இல் வந்தது. மருந்து பயனுள்ளது, பாதுகாப்பானது என்றது. ஆனால் திட்ட வரைவிலிருந்த இரண்டு முதன்மை விளைவுகளிலும் மருந்து வெல்லவில்லை. வரைவில் இல்லாத அளவைகளில் கிடைத்த வெற்றிகள் முன்னுக்கு வந்தன. 2015இல் மூலத் தரவை மறுபடி ஆராய்ந்து பிஎம்ஜே இதழில் எழுதியவர்கள், பலன் இல்லை, தற்கொலை எண்ணம் முதலிய தீங்குகள் கூடின என்று கண்டனர். எத்தனை அளவைகளைப் பார்த்தோம் என்பதையே சொல்லாத இடத்தில் எந்தத் திருத்தச் சூத்திரமும் வேலை செய்யாது. வகுக்கவேண்டிய எண் வாசகர் கையில் இல்லை.

தீங்குகளுக்கு இத்திருத்தத்தைப் பயன்படுத்துவது பொதுவாகத் தவறு. திருத்தம் வரம்பை இறுக்குகிறது. பலன் உண்டென்று அவசரப்படாமல் இருக்க அது நல்லது. தற்கொலை முயற்சி போன்ற அரிய தீங்கை அதே இறுக்கத்தில் வைத்தால் எச்சரிக்கை மணியையே அணைத்துவிடுவோம். தீங்குகளை எண்ணிக்கையோடும் இடைவெளியோடும் முழுமையாக அட்டவணையிட வேண்டும்.

துணை விளைவுகளுக்கு இரண்டு நேர்மையான வழிகள் உண்டு. வரிசையை முன்கூட்டி எழுதி, முதலாவது வென்றால்தான் அடுத்ததைச் சோதிப்பது ஒன்று. ஒரு படி தோற்றதும் அதன் கீழுள்ளவற்றுக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை போய்விடும். மற்றொன்று, திருத்தம் எதுவும் செய்யாமல் ‘ஆராய்வு நோக்கிலானவை’ என்று பெயரிட்டு, இடைவெளிகளை மட்டும் தந்து, வெற்றி என்ற சொல்லைத் தவிர்ப்பது. திருத்தம் செய்யாதது குற்றமல்ல. செய்யாததைச் சொல்லாமல் விடுவதே குற்றம்.

கோப்சியின் எண்களிலிருந்து இன்று உறுதியாகச் சொல்லக்கூடியது இது: ‘ஏதேனும் ஒன்று’ என்ற விதியை ஏற்றால், வீட்டுவழிச் சேவை இயலாமையைச் சிறிதளவு குறைக்கிறது என்ற முடிவு திருத்தத்துக்குப் பின்னும் நிற்கிறது, மூன்று தளங்களையும் சேர்த்துப் பார்க்கையில் நோய்க்குறிகளைக் குறைக்கிறது என்பது நிறுவப்படவில்லை. எந்த மனநலச் சோதனையையும் படிப்பவர், முடிவுப் பகுதிக்குப் போகுமுன் அதன் பதிவை எடுத்துப் பாருங்கள். இந்தியாவில் நடக்கும் சோதனைகளுக்கான சிடிஆர்ஐ பதிவேடு 2007 முதல் யாரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கிறது. அதில் எழுதிய முதன்மை விளைவும் கட்டுரையில் உள்ள முதன்மை விளைவும் ஒன்றா என்று ஒப்பிடச் சில நிமிடங்கள் போதும்.