சிறை மருத்துவம்: தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும் (முதிய, மனநோயுற்ற கைதிகள்)

தேனி 1996இல் தனி மாவட்டமாகும் வரை மதுரை மாவட்டத்தோடு இருந்தது. ஆகவே கம்பம் பள்ளத்தாக்குக் கைதிகளைப் பற்றிய பழைய செய்திகள் மதுரைக் கணக்கிலேயே கலந்துவிட்டன. 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் கைதிகளைப் பரிசோதிக்க மருத்துவ அலுவலரை நியமிக்கச் சொன்னது. முதியோருக்கென்று தனியே எதையும் வகுக்கவில்லை.

இந்திய அளவில் மனநோயுற்ற கைதிகளைப் பற்றிய பதிவுகளில் விரிவான ஒன்று அசாமைச் சேர்ந்த மச்சல் லாலுங்கின் வழக்கு. 1951இல் கைதான அவர் தேஸ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். உடல்நலமும் மனநலமும் தேறிவிட்டார் என்று 1967இல் மருத்துவர்கள் சான்றளித்தனர். அதன்பின் அவரை விசாரணைக்கு நிறுத்தாமல் மீண்டும் சிறையில் அடைத்தார்கள். 2005இல் ஒரு ரூபாய் பிணையில் வெளியே வந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ 77. ஊர்ப்பேச்சைக்கூட மறந்துபோயிருந்தார் என்கிறார்கள். இடையில், 1993இல், குற்றமேதும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. லாலுங் குற்றம் சாட்டப்பட்டவர் என்பதால் அந்தத் தீர்ப்பு அவரை எட்டவில்லை.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மனநலப் பிரிவு அமைக்கச் சொல்கிறது. சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சிறையில் மனநோயாளி எவரும் இல்லை என்று மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சான்றளிக்க வேண்டும் என்றும் 103ஆம் பிரிவு கூறுகிறது. இது கைதியை மருத்துவமனைக்கு மாற்றத் தூண்டும் என்பது ஒரு தரப்பு. நோயை மறைக்கவே தூண்டும் என்பது மறுதரப்பு.

நோயை அடையாளம் காண்பதில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது. ரிமாண்டான சில நாட்களில் கைநடுக்கமும் பிதற்றலும் வந்தால், குடியைத் திடீரென நிறுத்தியதால் வரும் உயிராபத்தான நிலையாக அது இருக்கலாம். முதியவர் ஓரிரு நாளில் குழம்பிப்போனால் சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, சர்க்கரை குறைவு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் மெல்ல மறதி கூடுவது மூளைத்தேய்வாக இருக்கலாம். வருகைக் கணக்கெடுப்பின்போது பெயர் சொல்லி அழைத்தும் பதில் தராத கிழவரைக் கீழ்ப்படியாதவர் என்று காவலர் எண்ணுவது இந்த மறதியை அடையாளம் காணாததால்தான். கத்துகிற நோயாளி கண்ணில் பட்டுவிடுகிறார்; மூலையில் பேசாமல் உட்கார்ந்திருப்பவர் விடுபட்டுவிடுகிறார்.

தேனி மாவட்டக் கிளைச்சிறைகளில் முழுநேர மனநல மருத்துவர் இல்லை. நோயாளியை க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ கொண்டுபோக வழிக்காவல் வேண்டும். போலீசார் வேறு பணிக்குப் போனால் அன்றைய சிகிச்சை தள்ளிப்போகும். அரசு மனநலக் காப்பகம் இருக்கும் கீழ்ப்பாக்கமோ ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவு.

நோயாளிக்கும் உடல் தளர்ந்தவருக்கும் ஜாமீன் தரலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சொல்கிறது. ஆனால் கம்பம் பகுதியில் அடிக்கடி பதிவாகும் கஞ்சா வழக்குகளில், வணிக அளவு என்றால், போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவு அந்த வழியைக் குறுக்கிவிடுகிறது. அத்தகைய வழக்கில் சிக்கிய மூதாட்டிக்கு ஜாமீன் மனு போடுபவர், வயதை மட்டும் சொல்லாமல், சிறை மருத்துவரின் எழுத்துப்பூர்வமான அறிக்கையையும் கேட்டுப்பெற்று இணைக்க வேண்டும்.