சான்று வந்த வழி: களத்திற்குப் போகாத தணிக்கையில் ஆதாரத்தை எடைபோடுதல்

2020 மார்ச் 24 இரவு நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, இந்திய நிறுவனங்களின் நிதியாண்டு முடிய ஒரு வாரமே இருந்தது. மார்ச் 31 அன்று கிடங்கில் நின்று சரக்கை எண்ணிப் பார்க்க வேண்டிய தணிக்கையாளர்கள் பெங்களூரில் வீட்டுக்குள் இருந்தார்கள். பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் தொழிற்சாலைகள் பூட்டிக் கிடந்தன. அந்த ஆண்டில் அவசரத்திற்கு எடுத்துக்கொண்ட வழிமுறைகளில் பல இன்று நிரந்தரமாகிவிட்டன. தொலைவிலிருந்து தணிக்கை செய்வது பெங்களூருக்கு முழுவதும் புதிதும் அல்ல. பெரிய பன்னாட்டுத் தணிக்கை நிறுவனங்களின் சேவை மையங்கள் அதற்கு முன்பே இந்நகரில் இருந்தன. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உள்ள நிறுவனங்களின் கணக்குகளை, அவற்றின் வாசலைக்கூடப் பார்த்திராத இளைஞர்கள் இங்கிருந்து சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

நேரில் போகாமல் திரட்டும் சான்று நேரில் திரட்டுவதைவிடத் தரத்தில் தாழ்ந்தது என்பது பரவலான கருத்து. பாதி உண்மைதான். ஆனால் இக்கருத்து நம் கவனத்தைத் தவறான இடத்திற்குத் திருப்புகிறது. ஒரு சான்று நம்பத்தக்கதா என்பதைத் தணிக்கையாளர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பது தீர்மானிப்பதில்லை. அதை யார் தேர்ந்தெடுத்தார், அது யார் கைவழியாக வந்தது என்பவையே தீர்மானிக்கின்றன.

இதற்குச் சத்யம் வழக்கைவிடத் தெளிவான சாட்சி இல்லை. 2009 ஜனவரி 7 அன்று அந்நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய ஒப்புதல் கடிதத்தின்படி, கணக்கில் காட்டியிருந்த 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லாத பணம். தணிக்கை செய்தது பிரைஸ் வாட்டர்ஹவுஸ் குழுமத்தைச் சேர்ந்த பெங்களூர் நிறுவனம். ஊரடங்கும் இல்லை, பயணத் தடையும் இல்லை. 2011 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமும் அந்நாட்டுத் தணிக்கைக் கண்காணிப்பு வாரியமும் பிறப்பித்த ஆணைகள் சுட்டிய முக்கியமான குறை, வங்கி உறுதிக் கடிதங்களை அனுப்புவதும் பெறுவதும் சத்யம் நிர்வாகத்தின் கையில் விடப்பட்டிருந்தது என்பது. வங்கிக்குப் போக வேண்டிய கேள்வி நிர்வாகத்திடம் போயிற்று. பதிலும் நிர்வாகத்திடமிருந்தே வந்தது. களத்திற்குப் போக முடிந்த காலத்திலேயே இப்படி நடந்தது என்பதை, களத்திற்குப் போவதையே பாதுகாப்பாக நினைப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தணிக்கைத் தரநிலை எஸ்ஏ 505 இதைத்தான் வலியுறுத்துகிறது. யாரிடம் கேட்பது, என்ன கேட்பது, எப்படி அனுப்புவது ஆகிய அனைத்தும் தணிக்கையாளர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பதில் நேராக அவரிடம் வர வேண்டும். மின்னஞ்சல் காலத்தில் இந்த விதி மீறப்படுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. நிறுவனத்தின் நிதி அதிகாரி கிளை மேலாளரின் முகவரியைத் தருகிறார், தணிக்கையாளர் அதற்கே எழுதுகிறார், பதிலும் வருகிறது. வடிவத்தில் அது நேரடி உறுதிப்பாடு. உண்மையில் அந்த முகவரி யாருடையது என்பதை நிர்வாகத்தின் சொல்லைத் தவிர வேறெதுவும் காட்டவில்லை. முகவரியின் பின்பகுதி வங்கியின் பெயர்தானா என்று எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். பிறகு வங்கியின் இணையதளத்திலிருந்து தானே எடுத்த எண்ணில் கிளையை அழைத்து, பதில் எழுதியவர் அங்கே வேலை செய்பவரா என்று கேட்க வேண்டும். பதில் கடிதத்தின் தலைப்பில் அச்சிட்ட எண்ணை அழைத்துப் பயனில்லை, போலிக் கடிதத்தில் எண்ணும் போலியாகவே இருக்கும்.

இன்று இன்னொரு வழியும் இருக்கிறது. நிறுவனம் 20 கோடி ரூபாயை 7 சதவீத வட்டியில் ஓராண்டு முழுவதும் வைப்பில் வைத்திருப்பதாகச் சொல்கிறது என்று கொள்வோம். ஆண்டு வட்டி 1.40 கோடி. வங்கி 10 சதவீதம் வரி பிடித்தால் 14 லட்சம். அந்த 14 லட்சம் வருமான வரித் துறையின் பதிவில், அந்த வங்கியின் பெயரில் இருந்தாக வேண்டும். அந்தப் பதிவைப் பிடிஎஃப் கோப்பாக அனுப்பச் சொன்னால் பழைய சிக்கலுக்கே திரும்புகிறோம். திரைப் பகிர்வில், உலாவியின் முகவரிப் பட்டை தெரியும்படி, `incometax.gov.in` தளத்தில் புதிதாக உள்நுழைந்து திறக்கச் சொல்ல வேண்டும். இருப்பைக் குறித்து வங்கி எழுதிய கடிதமும், வட்டியைக் குறித்து வரித்துறை வைத்திருக்கும் பதிவும் இரண்டு வெவ்வேறு வழிகளில் வருபவை. இரண்டையும் ஒருசேரப் பொய்யாக்குவது ஒரு கடிதத்தைப் பொய்யாக்குவதைவிடப் பலமடங்கு கடினம்.

திரைப் பகிர்வின் வலிமையும் வலுவின்மையும் வாக்த்ரூவில்தான் நன்றாகத் தெரியும். ஒரு கொள்முதலைக் கேட்புச் சீட்டிலிருந்து பணம் கொடுத்தது வரை ஒவ்வொரு படியாகப் பின்தொடர்வது இந்தச் சோதனை. தொலைவிலிருந்து செய்யும்போது முதலில் கெட்டுப்போவது பேசும் ஆள். நேரில் போனால் கிடங்கு எழுத்தரின் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரலாம். அழைப்பில் நிதி மேலாளர் தன் திரையைப் பகிர்ந்து, எழுத்தர் என்ன செய்வார் என்று அவரே விளக்குகிறார். அது விளக்கமே தவிர வாக்த்ரூ ஆகாது. அந்த எழுத்தரே தன் பயனர் பெயரில் நுழைந்து, தன் திரையைப் பகிர வேண்டும். எந்தக் கொள்முதலைத் திறப்பது என்பதைத் தணிக்கையாளர் அழைப்பு தொடங்கிய பிறகே சொல்ல வேண்டும். முந்தைய நாளே எண்ணைக் கொடுத்தால் மறுநாள் காண்பது ஒத்திகை பார்த்த காட்சி.

அடுத்து, திரையில் தெரிவது எந்த அமைப்பு? எஸ்ஏபி பயன்படுத்தும் நிறுவனங்களில் உண்மையான கணக்கு ஓடும் அமைப்புடன், சோதனைக்கென அதே முகம் கொண்ட இன்னொரு அமைப்பும் இருக்கும். அமைப்பின் அடையாளமும் கிளையன்ட் எண்ணும் திரையின் கீழ்ப்பட்டையில் தெரியும். அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளாத வாக்த்ரூ எதைச் சோதித்தது என்றே சொல்ல முடியாது.

எக்செல் கோப்பாக வரும் அறிக்கைகள் தனியே பேச வேண்டியவை. நிறுவனமே உருவாக்கித் தரும் தகவல் முழுமையானதா, துல்லியமானதா என்று தணிக்கையாளர் சோதிக்க வேண்டும் என்கிறது எஸ்ஏ 500. ஆண்டின் கணக்குப் பதிவுகள் அனைத்தையும் கேட்டால், மறுநாள் மின்னஞ்சலில் ஒரு கோப்பு வருகிறது. இடையில் என்ன நீக்கப்பட்டது என்பதைக் கோப்பு சொல்லாது. எனவே அறிக்கையை எடுக்கும் நேரத்தில் உடனிருக்க வேண்டும். `SE16N` திரையில் `BKPF` அட்டவணையைத் திறந்து, நிறுவனக் குறியீடும் நிதியாண்டும் இடுவதைப் பார்த்து, எத்தனை பதிவுகள் என்ற எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, அதே அழைப்பிலேயே கோப்பைத் தணிக்கை நிறுவனத்தின் பாதுகாப்பான தளத்தில் ஏற்றச் சொல்ல வேண்டும். பிறகு கோப்பிலுள்ள எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது சில நிமிட வேலை. வாட்ஸ்அப்பில் வரும் படங்களை ஏற்கக் கூடாது என்று நான் சொல்வதற்கும் காரணம் இதுவே. சம்பளப் பட்டியலும் ஆதார் நகலும் யார் யார் கைபேசியில் தங்கிப்போகின்றன என்ற கவலை ஒரு பக்கம். கோப்பு எப்போது, யாரால் ஏற்றப்பட்டது என்ற பதிவு நம் கையில் இல்லாமல் போவது மறுபக்கம்.

சரக்கிருப்புக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. இங்கே ஆவணம் போதாது, பொருளே சான்று. பீன்யாவில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைக் கடைந்து உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச் 31 நிலவரப்படி ஏட்டில் 48,500 கிலோ 304 ரகக் கம்பி. தளர்வுகளுக்குப் பிறகு ஜூன் 10 அன்று காணொலியில் எண்ணுகிறார்கள். கைபேசியை நிறுவனத்தின் ஆள் பிடித்திருந்தாலும், அது எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்வது தணிக்கையாளர். வாசலின் பெயர்ப்பலகையில் தொடங்கி, அழைப்பு அறாமல் கிடங்குக்குள் போக வேண்டும். தராசு முதலில் வெறுமையாகப் பூஜ்யம் காட்ட வேண்டும். பட்டியலிலிருந்து சில அடுக்குகளைத் தரையில் தேடுவதுடன், தரையில் கண்ணில் படும் சிலவற்றைப் பட்டியலில் தேடவும் வேண்டும். எண்ணிய கட்டுகளின் ஹீட் நம்பரை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும். அழைப்பு அறுந்தால் அந்தப் பகுதியை மறுபடி எண்ண வேண்டும். ஏற்கெனவே எண்ணிய கட்டு அந்த இடைவெளியில் அடுத்த அடுக்குக்கு நகர்ந்திருக்கலாம்.

எண்ணியதில் கிடைத்தது 42,600 கிலோ. ஏப்ரல் 1 முதல் அன்றுவரை வந்தது 6,400, செலவானது 9,800. வந்ததைக் கழித்து, செலவானதைக் கூட்டினால் மார்ச் 31 அன்று 46,000 இருந்திருக்க வேண்டும். சாதாரண ஆண்டில் இப்படிப் பத்து வாரம் பின்னோக்கிக் கணக்கிடுவது ஆபத்தானது, இடையிலுள்ள ஒவ்வொரு நகர்வும் பிழைக்கு இடம் தரும். அந்த ஆண்டில் ஏப்ரல் முழுவதும் பட்டறை பூட்டியே இருந்ததால் சரிபார்க்க வேண்டிய நகர்வுகள் குறைவு. தணிக்கையைத் தடுத்த ஊரடங்கே இந்த ஒரு கணக்கை நம்பத்தக்கதாக்கியது.

ஏட்டுக்கும் கணக்குக்கும் 2,500 கிலோ இடைவெளி. கிலோ 200 ரூபாய் என்றால் 5 லட்சம். கேட்டால், ஓசூரில் ஜாப் ஒர்க் செய்பவரிடம் இருக்கிறது என்கிறார்கள். மாநிலம் தாண்டிப் போவதால் டெலிவரி சலானுடன் இ-வே பில் இருந்தாக வேண்டும். அதன் எண்ணை வாங்கி, தேதி மார்ச் 24க்கு முன்பா, வண்டி எண் இருக்கிறதா என்று அரசுத் தளத்திலேயே பார்க்கலாம். ஆனால் இ-வே பில்லில் விவரங்களை இடுவது பட்டறைதான். அரசுத் தளத்தில் இருப்பதாலேயே அது வெளியாரின் சான்றாகிவிடாது. தளம் அரசுடையது, தகவல் நிர்வாகத்துடையது. இந்த வேறுபாட்டைத் தொலைவழித் தணிக்கைக் கோப்புகளில் மிக அரிதாகவே காண்கிறேன் என்பது என் வருத்தம். ஓசூர்க்காரரிடமிருந்து நேரடியாகப் பெறும் உறுதிக் கடிதமும், அவர் கொட்டகையைக் காணொலியில் பார்த்து ஹீட் நம்பரை ஒப்பிடுவதும் சேர்ந்தால்தான் அந்த 2,500 கிலோ நிற்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் காமிராவால் முடியாதது ஒன்று உண்டு. 304 ரகமும் விலை கூடிய 316 ரகமும் பார்வைக்கு ஒன்றே. சாதாரண இரும்பைக் கலந்திருந்தால் காந்தம் காட்டிக்கொடுக்கும், அதைக் காணொலியில் செய்து காட்டச் சொல்லலாம். ஆனால் 304ஐயும் 316ஐயும் காந்தம் பிரித்துக் காட்டாது. ஆலையின் சோதனைச் சான்றிதழோ வேதிப் பகுப்பாய்வோதான் வேண்டும். நேரில் போயிருந்தாலும் கண்ணால் மட்டும் தணிக்கையாளர் இதைக் கண்டிருக்க மாட்டார். ஆனால் நேரில் போனவர் தானே எடுத்த துண்டை ஆய்வகத்திற்கு அனுப்பலாம். தொலைவிலிருப்பவருக்கு நிர்வாகம் எடுத்த துண்டே கிடைக்கும். களத்திற்குப் போவதால் உண்மையில் கூடுதலாகக் கிடைப்பது இந்த உரிமை: மாதிரியைத் தன் கையால் எடுப்பது.

ஆகவே காணொலி எண்ணிக்கை போதுமா என்ற கேள்விக்குச் சரக்கைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். ஹீட் நம்பர் பொறித்த கம்பிகளுக்குப் பெரும்பாலும் போதும். தரமே மதிப்பாக இருக்கும் ரசாயனத்திற்கோ, கலவை தெரியாத பழைய உலோகக் குவியலுக்கோ போதாது. இருப்பு நிதிநிலை அறிக்கையில் முக்கியமான தொகையாக இருந்து, போக வழியிருந்தும் பயணச் செலவையோ நேரமின்மையையோ காட்டிப் போகாமலிருப்பதை எஸ்ஏ 501 ஏற்பதில்லை. உண்மையிலேயே போக முடியாமல், மாற்று வழிகளும் போதாமல் போனால், எஸ்ஏ 705இன்படி கருத்தை மாற்றி எழுதுவதே வழி. வீடியோ பதிவு கோப்பில் இருக்கிறது என்பது அதற்கு மாற்றாகாது. பணிக் கோப்பில் இருக்க வேண்டியவை எந்த அடுக்குகளை யார் தேர்ந்தெடுத்தார், அழைப்பில் யார் இருந்தார், எங்கே அறுந்தது, எதைப் பார்க்க முடியவில்லை என்பவை. இந்தக் கடைசி வரியை எழுதத் தயங்கும் கோப்புகளைத்தான் மேற்பார்வையிடும் பங்குதாரர் திருப்பி அனுப்ப வேண்டும்.