மூடுபனி படத்தில் சாம்பல் நிறமாகத் தெரிவது ஏன்?

கேமரன் மலையில் காலை ஏழு மணி. தேயிலைச் சரிவை வெண்பனி மூடியிருக்கிறது. கைப்பேசியில் படம் எடுத்துப் பார்த்தால் வெண்மை காணோம். அழுக்குச் சாம்பல் நிறம்தான் தெரிகிறது. பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

காரணம் எளிது. எதிரே இருக்கும் காட்சி நடுத்தர வெளிச்சம் கொண்டது என்று கேமரா கணக்குப் போடுகிறது. பனி அதைவிட வெளிச்சமானது என்பதால் படத்தைத் தானாகவே இருட்டாக்கிவிடுகிறது. இதை நாம்தான் திருத்த வேண்டும். ஐபோனில் திரையை ஓர் இடத்தில் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் AE/AF LOCK என்று வரும். பிறகு விரலை மேலே நகர்த்தினால் வெளிச்சம் கூடும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் இதே போன்ற வசதி உண்டு. தனிக் கேமராவில் +0.7 அல்லது +1 வைத்துத் தொடங்கலாம். தூரத்து மலையின் விளிம்பு மங்கலாகவாவது தெரிய வேண்டும். அது முழுதும் வெள்ளையில் மறைந்துவிட்டால் வெளிச்சம் அதிகமாகிவிட்டது என்று பொருள். சூரியன் படத்துக்குள் வந்தால் இந்தக் கூட்டலைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அழுத்திப் பிடிக்கும் இடமும் முக்கியம். வெறும் பனியில் பிடித்தால் கேமராவுக்குக் குவிய ஒன்றும் கிடைக்காது, படம் மசங்கிவிடும். அருகில் உள்ள மரத்தின் விளிம்பில் பிடியுங்கள்.

அடுத்தது ஆழம். தூரம் கூடக் கூடப் பனி பொருள்களை வெளுக்கச் செய்கிறது. அந்த வேறுபாடுதான் கண்ணுக்கு ஆழமாகத் தெரிகிறது. ஆகவே அருகில் கருமையான ஒரு மரம், நடுவில் தேயிலை வரிசை, பின்னால் வெளுத்த மலை என மூன்று அடுக்குகள் அமையும்படி நில்லுங்கள். அருகில் ஒன்றும் இல்லையென்றால் படம் வெள்ளைத் தாள்போல் ஆகிவிடும். அகலக் கோணத்தைவிட 2x அல்லது 3x நல்லது. அடுக்குகள் நெருங்கி நிற்கும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைக்காமல் பக்கவாட்டிலோ எதிரிலோ வைத்தால் பனி ஒளிரும்.

தோட்டத்து வீட்டிலிருந்து ரப்பர் மரங்களுக்கிடையே நிற்கும் பனியைப் படம் எடுப்போருக்கு வேறொரு சிக்கல் வரலாம். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுவந்ததும் லென்ஸில் நீர் படியும். கையருகே உள்ள இலையும் மங்கலாகத் தெரிந்தால் அது பனியல்ல, லென்ஸ் ஈரம்தான். கேமராவைப் பையை விட்டு எடுக்காமல் இருபது நிமிடம் வெளியே வைத்திருந்து, பிறகு எடுத்தால் போதும்.

கடைசியாக, படத்தைத் திருத்தும்போது Dehaze பக்கம் போக வேண்டாம். பனியை நீக்குவதுதான் அதன் வேலை. அருகில் உள்ள மரத்தின் கருமையை மட்டும் சற்றுக் கூட்டுங்கள்; பின்னால் உள்ள மலை தானாகவே தள்ளிப்போகும்.