‘கூடும்’ என்ற சொல்லுக்கு அளவுகோல் பிறந்த கதை

1951 மார்ச் மாதம் அமெரிக்க உளவுத்துறையின் மதிப்பீட்டுக் குழு ஓர் அறிக்கை எழுதியது. அந்த ஆண்டு சோவியத் அணி யூகோஸ்லாவியா மீது படையெடுக்குமா என்பதுதான் கேள்வி. கணிசமான சாத்தியம் உண்டு என்று கருத வேண்டும் என முடித்திருந்தார்கள். சில நாள் கழித்து வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர் குழுவில் இருந்த ஷெர்மன் கென்ட்டிடம் விசாரித்தார்: கணிசம் என்றால் எவ்வளவு? நூற்றுக்கு 65 என்றார் கென்ட். அதிகாரி திடுக்கிட்டார். அவரும் அவருடைய சகாக்களும் அதைவிட வெகு குறைவாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கென்ட் யேல் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர். விஷயத்தை அதோடு விட மனமில்லாமல், அறிக்கையை எழுதிய குழுவினரையே ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார். ஒருவர் மனதில் 20 சதவீதம், இன்னொருவர் மனதில் 80. ஒரே வாக்கியத்தை எல்லோரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒப்புக்கொண்ட பொருளோ ஆளுக்கொன்று.

இந்த அனுபவத்தைப் பின்னாளில் ஒரு கட்டுரையாக எழுதினார். 1964இல் அது வெளிவந்தது. அதில் ஓர் அட்டவணை போட்டார். ‘அநேகமாக நடக்கும்’ என்றால் ஏறக்குறைய 75 சதவீதம், ‘ஏறத்தாழ நிச்சயம்’ என்றால் 93, ‘அநேகமாக நடக்காது’ என்றால் 30. உளவுத்துறையில் அது நிலைக்கவில்லை. சொல்லை எண்ணால் கட்டிப்போடக் கூடாது என்று எதிர்த்தவர்களைக் கென்ட் ‘கவிஞர்கள்’ என்று குறிப்பிட்டார்.

யோசனை வேரூன்றியது பருவநிலை அறிவியலில். 1995இல் பருவநிலை மாற்றத்துக்கான சர்வதேசக் குழு, மனிதத் தாக்கம் புலப்படுகிறது என்றே சான்றுகள் மொத்தத்தில் சுட்டுகின்றன என்று எழுதியது. அடுத்த அறிக்கைக்காக ரிச்சர்ட் மாஸ், ஸ்டீபன் ஷ்னைடர் இருவரும் 2000இல் ஒரு வழிகாட்டிக் குறிப்பு தயாரித்தார்கள். ஐயத்தைச் சொல்லும் சொல்லை ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே அளவில் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். அதன் பிறகு, அண்மை வெப்பமேற்றத்தின் பெரும்பகுதிக்கு மனிதச் செயலே காரணம் என்ற ஒரே முடிவு, 2001இல் ‘வாய்ப்பு அதிகம்’ (66 சதவீதத்துக்கு மேல்), 2007இல் ‘மிக அதிகம்’ (90க்கு மேல்), 2013இல் ‘மிக மிக அதிகம்’ (95க்கு மேல்) என்று சான்று சேரச்சேர ஏறியது. 2021 அறிக்கை, மனிதத் தாக்கத்தால் பூமி வெப்பமடைந்திருக்கிறது என்பதில் ஐயத்துக்கே இடமில்லை என்றது. முதலிலேயே உரக்கச் சொல்லியிருந்தால் இந்த ஏற்றம் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆய்வுக் கட்டுரையின் விவாதப் பகுதியைத் திருத்தும்போது நான் பிடித்துக்கொள்வது, சான்று தாங்கும் அளவுக்கு மட்டுமே சொல்லும் இந்தப் பழக்கத்தைத்தான். ஓர் ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். 400 மாணவர்களிடம் ஒரே ஒருமுறை கணக்கெடுத்ததில், காலையில் சாப்பிட்டு வருபவர்களின் கணித மதிப்பெண் சராசரியாக 6 கூடுதல். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 1 முதல் 11 வரை. எழுதியவர் முடிக்கிறார்: ‘காலை உணவு மாணவர்களின் கணிதத் திறனை உயர்த்துகிறது என்று இந்த ஆய்வு நிரூபிக்கிறது.’

இதில் ‘நிரூபிக்கிறது’ என்பதை விடவும் பெரிய தவறு ‘உயர்த்துகிறது’ என்பதில் இருக்கிறது. ஒருமுறை எடுத்த கணக்கெடுப்பு எதையும் உயர்த்திப் பார்க்கவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் காலை உணவும் கிடைக்கும், டியூஷனும் கிடைக்கும். பிறகு, ‘மாணவர்கள்’ என்றால் எந்த மாணவர்கள்? ‘திறன்’ என்று எழுதியிருக்கிறார். அளந்தது ஒரு தேர்வின் மதிப்பெண்ணை.

பலர் இதற்குச் செய்யும் வைத்தியம், எல்லா இடத்திலும் ‘கூடும்’ தூவுவது. ‘ஓரளவு தொடர்பு இருக்கக்கூடும் எனத் தோன்றுகிறது’ என்று எழுதிவிட்டால் தவறு மட்டுமல்ல, கண்டறிந்த முடிவும் சேர்ந்தே காணாமல் போகிறது. 6 மதிப்பெண் வித்தியாசம் அளந்து கண்டது. அதற்குத் தயக்கம் எதற்கு? தயக்கம் காரணத்தைச் சொல்லும் இடத்தில்தான் வர வேண்டும், அதுவும் ஒரே ஒருமுறை, ஏன் என்ற விளக்கத்தோடு.

திருத்தியது இப்படி இருக்கும்: ‘இந்த 400 மாணவர்களில், காலையில் சாப்பிட்டு வந்தவர்கள் கணிதத் தேர்வில் சராசரியாக 6 மதிப்பெண் கூடுதலாகப் பெற்றிருந்தனர் (இடைவெளி 1 முதல் 11). உணவே இதற்குக் காரணமாக இருக்கலாம்; ஆனால் குடும்ப வருமானத்தை நாங்கள் அளக்காததால், அதன் பங்கைப் பிரித்துச் சொல்ல இயலவில்லை.’

அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணை எடுத்துவிடக் கூடாது. டேவிட் புடெஸ்குவும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பருவநிலைக் குழுவின் அட்டவணை கையில் இருந்தும் வாசகர்கள் ‘மிக அதிக வாய்ப்பு’ என்பதை அது குறிக்கும் அளவைவிடக் குறைத்தே புரிந்துகொண்டார்கள். சொல்லோடு எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள் என்பது அவர்கள் தந்த பரிந்துரை.