தொப்பி விளிம்பு நிழல் நீக்கம்

தொப்பி விளிம்பு நிழல் நீக்கம் என்பது, வெயிலில் எடுத்த முகப் படத்தில் தொப்பியின் முன்விளிம்பு கண்களின் குறுக்கே வீழ்த்தும் கருநிழலைக் கணினியில் தணிக்கும் திருத்த முறை. ஃபோட்டோஷாப், கிம்ப் ஆகிய இரு மென்பொருள்களிலும் 'கர்வ்ஸ்' என்னும் வளைகோட்டுக் கருவியையும் மாஸ்க்கையும் கொண்டு இது செய்யப்படுகிறது.

நிழல் விழுந்த இடத்தில் ஒளி குறைவது மட்டுமல்ல, ஒளியின் நிறமும் மாறிவிடுகிறது. கன்னத்தில் நேர்வெயில் படுகிறது. கண்ணருகே வானத்தின் நீல ஒளியும் தரையில் பட்டுத் திரும்பும் ஒளியும் மட்டுமே சேர்கின்றன. அதனால்தான் அந்தப் பகுதியின் வெளிச்சத்தை மட்டும் கூட்டினால் தோல் வெளிறி, நீலம் பாய்ந்த சாம்பல் நிறமாகத் தெரிகிறது. புல்வெளியில் எடுத்த படமாக இருந்தால் கண்ணுக்குக் கீழே பச்சைச் சாயல் ஏறும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக உயர்த்துவதே இதற்குச் சரியான வழி.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு படத்தில் வெயில் படும் கன்னத்தின் அளவு சிவப்பு 215, பச்சை 170, நீலம் 145. விளிம்பின் நிழலில் உள்ள கன்னமேட்டில் அவை 115, 89, 87. கன்னத்தின் அளவுக்கே கொண்டுபோகாமல், சற்றுக் குறைவாக 190, 150, 128 என்று இலக்கு வைக்கலாம். ஃபோட்டோஷாப்பில் கர்வ்ஸ் லேயர் ஒன்றையோ, கிம்பில் மாஸ்க்குடன் கூடிய நகல் லேயர் ஒன்றையோ சேர்த்து, கர்வ்ஸின் சிவப்புக் கோட்டில் 115ஐ 190க்கும், பச்சையில் 89ஐ 150க்கும், நீலத்தில் 87ஐ 128க்கும் உயர்த்த வேண்டும். நீலம் மற்ற இரண்டையும்விடக் குறைவாகவே ஏறுவதால் வானத்தின் சாயல் தானே விலகுகிறது. கோட்டின் அடிப்பகுதியில் இன்னொரு புள்ளி வைத்துக் கருமையைப் பிடித்து நிறுத்தாவிட்டால் புருவமும் கருவிழியும் சாம்பல் பூத்துவிடும். பிறகு மாஸ்க்கைக் கறுப்பால் நிரப்பி, நிழல் விழுந்த இடத்தில் மட்டும் வெள்ளைப் பிரஷால் தீட்ட வேண்டும்.

இந்த வேலையில் மிகக் கடினமானது நிழலின் ஓரம். பெரும்பாலான படங்கள் கெடுவது இங்கேதான். ஓரம் தெரியாமல் இருக்கட்டும் என்று பலரும் மிக மென்மையான பெரிய பிரஷை எடுக்கிறார்கள். வெயிலில் விழும் நிழலின் ஓரமோ அவ்வளவு மென்மையானதல்ல. சூரியன் வானில் ஏறத்தாழ அரை டிகிரி அகலமே தெரிவதால், விளிம்பிலிருந்து 10 செ.மீ. தள்ளியிருக்கும் கன்னத்தில் ஒளியும் நிழலும் கலக்கும் பட்டை சுமார் 1 மி.மீ. அகலமே இருக்கும். 14 செ.மீ. அகலமுள்ள முகம் படத்தில் 1,400 பிக்சல் பிடித்தால், அந்தப் பட்டை 10 பிக்சல்தான். மாஸ்க்கின் ஓரமும் அதே அளவுக்குத்தான் கரைய வேண்டும். அதைவிட மென்மையாகத் தீட்டினால் வெயில் பக்கம் ஒரு வெள்ளைக் கோடும், நிழல் பக்கம் ஒரு கருங்கோடும் எஞ்சும். மூக்கின் நுனி விளிம்புக்கு அருகில் இருந்தால் அங்கே ஓரம் இன்னும் கூர்மையாக இருக்கும். பிரஷையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் சில முகங்களில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று நிற்கும். வெயில் தோலுக்குள் புகும்போது சிவப்பு ஒளி மற்றவற்றைவிடச் சற்றுத் தூரம் உள்ளே பரவி, நிழலின் எல்லைக்குள் கசிவதுதான் காரணம். அந்தக் கோட்டின் நிறச் செறிவை மட்டும் குறைத்து, எஞ்சியதை ஹீலிங் பிரஷால் தனி லேயரில் தொட்டுச் சரிசெய்யலாம்.

எவ்வளவு தூரம் நீக்குவது என்பதற்கு முகத்திலேயே அளவுகோல் இருக்கிறது. மூக்கின் கீழும் தாடையின் கீழும் விழும் நிழல்கள் அதே சூரியனால் வந்தவை. அவை கருமையாக நிற்க, கண்கள் மட்டும் முழு வெயிலில் இருப்பதுபோல் தெரிந்தால், பார்ப்பவருக்குக் காரணம் புரியாவிட்டாலும் படம் ஒட்டாமல் தோன்றும். தொப்பி கண்ணெதிரே இருக்கும்போது அதன் நிழலை அடியோடு துடைக்கக் கூடாது. கண்களின் வெண்மையைத் தோலைவிட அதிகமாக ஏற்றுவதும் இதே தவறுதான்.

ரா கோப்பு இருந்தால் இந்த அளவுக்கு உயர்த்துவதைப் பெரும்பாலும் தாங்கும். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உள்ளதாலும், சேமிக்கும்போதே நுண்விவரம் சுருக்கப்படுவதாலும், உயர்த்திய இடத்தில் புள்ளிகளும் கட்டங்களும் தெரியத் தொடங்கும். நிழலில் இமைமுடிகள் பிரித்தறிய முடியாத ஒரே கருமையாக இருந்தால் அங்கே மீட்க எதுவும் இல்லை. படமெடுக்கும்போதே மார்பு உயரத்தில் ஒரு வெள்ளை ரிஃப்ளெக்டரைப் பிடிப்பதோ, ஃபிளாஷை இயல்பைவிட ஒரு ஸ்டாப் குறைத்து அடிப்பதோ இந்த நிழலைக் கணிசமாகத் தணித்துவிடும். எந்தத் திருத்தத்தாலும் இயல்பாகத் தர முடியாத கண்ணின் ஒளிப்புள்ளியும் அதிலேயே கிடைக்கும்.