கொலன்னாவையில் ஒரு ஸகாத் கணக்கு

கொலன்னாவையில் புடவைக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், ரமழான் முதல் நாளில் கடையைப் பாதி சாத்திவிட்டுக் கணக்குக் கொப்பியைத் திறப்பார். வெள்ளவத்தையிலிருந்து போன நானும் ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஸகாத் என்பது விரும்பிய அளவு கொடுக்கும் தர்மம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது ஸதகா. ஸகாத் கட்டாயக் கடமை. அதற்கு அளவும் உண்டு, யாருக்கு என்ற வரையறையும் உண்டு.

முதலில் பார்ப்பது நிஸாப், அதாவது கடமையாவதற்கான ஆகக்குறைந்த சொத்து. தங்கத்தில் அது ஏறத்தாழ 85 கிராம், நம் கணக்கில் பத்தரைப் பவுணுக்குச் சற்று மேல். வெள்ளியில் ஏறத்தாழ 595 கிராம். அந்த அளவைத் தாண்டிய செல்வம் ஒரு சந்திர ஆண்டு கையில் இருந்தால், அதில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 வீதம், கொடுக்க வேண்டும்.

நண்பரின் உண்மைத் தொகைகளை எழுதாமல், விளங்குவதற்காக வேறு தொகைகளை வைத்துப் பார்ப்போம். கடையில் உள்ள துணியின் அன்றைய சந்தை விலை 18 இலட்சம் ரூபா. கையிலும் வங்கியிலும் 4 இலட்சம். நிச்சயம் திரும்பி வரும் என்று நம்பக்கூடிய வரவேண்டிய கடன் 2 இலட்சம். மொத்தம் 24 இலட்சம். கடைக் கட்டடம், அலுமாரி, தையல் இயந்திரம், முச்சக்கரவண்டி ஆகியவை விற்பனைக்கு இல்லாததால் கணக்கில் வராது. வெள்ளத்தில் நனைந்த துணிக்கு வாங்கிய விலை செல்லாது, அன்று அது என்ன விலைக்குப் போகுமோ அதுதான். 2016 மே வெள்ளம் கண்ட ஊரில் இந்த விதி ஏட்டில் மட்டும் உள்ள விதி அல்ல.

மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய 6 இலட்சத்தைக் கழிக்கலாமா? இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்துப்படி கடன் இருந்தாலும் ஸகாத் விலகாது. அப்படியானால் 60,000 ரூபா. ஹனபி மத்ஹபிலோ கழிக்கலாம். மீதி 18 இலட்சத்துக்கு 45,000 ரூபா.

தங்கமா வெள்ளியா என்பது இதைவிடப் பெரிய கேள்வி. ஒரு கிராம் தங்கம் 30,000 ரூபா, வெள்ளி 400 ரூபா என்று வைத்தால், தங்க நிஸாப் 25 இலட்சத்து 50 ஆயிரம், வெள்ளி நிஸாப் 2 இலட்சத்து 38 ஆயிரம். தங்கத்தைப் பிடித்தால் இந்தக் கடைக்காரருக்கு ஸகாத்தே இல்லை. ஏழைக்கு நன்மை கூட என்பதால் வெள்ளியைப் பிடிக்கும்படி பல உலமாக்கள் சொல்கிறார்கள். நண்பரும் வெள்ளியைத்தான் பிடிக்கிறார்.

அடுத்தது, யாருக்கு என்ற கேள்வி. குர்ஆனின் தவ்பா அத்தியாயம் 60ஆம் வசனம் எட்டு வகையினரைச் சொல்கிறது: வறியவர், ஏழைகள், ஸகாத்தைத் திரட்டிப் பங்கிடுவோர், உள்ளம் இணக்கப்பட வேண்டியோர், அடிமைத்தளையிலிருந்து மீட்கப்படுவோர், கடனில் மூழ்கியோர், அல்லாஹ்வின் பாதையில் உள்ளோர், வழிப்போக்கர். பெற்றோருக்கும் மனைவி பிள்ளைகளுக்கும் ஏழைகள் என்ற பேரில் கொடுக்க முடியாது. அவர்களைப் பராமரிப்பது ஏற்கெனவே அவர் கடமை. வறுமைப்பட்ட சகோதரிக்குக் கொடுக்கலாம்.

நண்பரிடம் 40,000 ரூபா கடன் வாங்கிய அயலவர் ஒருவர் கட்ட வழியில்லாமல் இருந்தார். "அந்தக் கடனை விட்டுவிட்டு ஸகாத் என்று எழுதினால் என்ன?" என்று கேட்டேன். "அது செல்லாது. வராது என்று தெரிந்த காசை வைத்து என் கடமையைக் கழித்த மாதிரி ஆகிவிடும்," என்றார். பெரும்பாலான அறிஞர்களின் கருத்தும் அதுவே. ஸகாத் பெறுபவரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். கடனாளி என்ற முறையில் அயலவருக்குக் காசைக் கொடுக்கலாம். அதைக்கொண்டு கடனைத் திருப்பித் தரவேண்டும் என்று நிபந்தனை போடக்கூடாது.

முஸ்லிம் அல்லாதவருக்கு ஸகாத்தை ஏழைப் பங்கிலிருந்து கொடுக்க முடியாது என்பதே பெரும்பான்மை மத்ஹபுகளின் நிலை. ஸதகாவுக்கு அந்த எல்லை இல்லை. வெள்ளத்தின்போது அந்தத் தெருவில் சமைத்த சோறு எல்லா வீட்டுக்கும் போனது ஸதகாவாகத்தான்.

கொப்பியை மூடும்போது எட்டாவது வகையைப் பற்றிக் கேட்டேன். வழிப்போக்கர் என்றால் ஊரில் சொத்து இருந்தும் இப்போது அதை எடுக்க வழியில்லாதவர். இடம்பெயர்ந்தோரையும் இதில் சேர்க்கும் இக்கால அறிஞர்கள் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, நண்பருக்கு ஒன்பது வயது. அவருடைய வாப்பாவுக்கு சோனகத் தெருவில் வீடும் கடையும் இருந்தன. புத்தளத்துக்கு வந்தபோது கையில் எதுவுமில்லை. உறுதியில் சொத்துக்காரர், அகதி முகாமில் வெறுங்கையர்.

"அந்த வருசம் வாப்பா ஸகாத் வாங்கினார். அதுக்கு முந்தின வருசம் கொடுத்தவர்," என்றார் நண்பர்.

அவர் கொப்பியில் கடைசி வரியில் ஒரு பகுதி தொகை புத்தளத்துக்கு என்று எழுதியிருந்தது.