தூர்வாரும் சொல்

எங்கள் கோவில்பதாகை ஏரிக்காக ஒரு மனு எழுதினோம். 'எங்கள் ஏரியைத் தூர்வாரித் தர வேண்டும்' என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். தெருவில் உள்ள ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் பிழை பார்க்கப் போன தாள், சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வந்தது. 'ஏரியில் உள்ள தூரை வாரித் தர வேண்டும்' என்று திருத்தியிருந்தார். பக்கத்தில் ஒரு குறிப்பு: வாரப்படுவது தூர், ஏரி அல்ல, ஒரு வினைக்கு இரண்டு செயப்படுபொருள் ஆகாது.

அதோடு விட்டிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். மறுநாள் டீக்கடையில் எல்லோர் முன்னாலும், "தூர் என்றால் என்ன தெரியுமா சார்? தூரம். வாரித் தூரத்தில் கொட்டுவதால் தூர்வாருதல்" என்றார். கடைக்காரர் உட்படத் தலையாட்டினார்கள். எனக்கு டீ இறங்கவில்லை.

முதலில் இந்தத் தூரத்தை முடித்துவிடுவோம். தூர்தல் என்பது நிரம்பி அடைபட்டுப் போதல், பிறவினையில் தூர்த்தல். கிணறு தூர்ந்துவிட்டது, வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது என்று இன்றைக்கும் பேசுகிறோம். எவ்வளவு போட்டாலும் நிரம்பாத பள்ளத்தைத் தூராக்குழி என்பது நம்மாழ்வார் திருவாய்மொழியிலேயே ஆண்ட சொல். தூர்வதற்குக் காரணமான வண்டலும் சேறும் தூர். மிதி, அடி என்று வினைப்பகுதியே பெயராக நிற்பது போல இதுவும் முதனிலைத் தொழிற்பெயராகப் பிறந்து பொருளுக்கு ஆகிவந்தது. நெல் தூர்கட்டும் பருவம் என்று உழவர் சொல்லும் தூர் வேறு. அது பயிரின் அடி, வேர்க்கட்டு. அதன் உறவு தூறு என்ற புதரோடு. வாரித் தூரத்தில் கொட்டாமல் கரையிலேயே கொட்டினாலும் அது தூர்வாருதல்தான். எங்கள் ஏரிக்கரையில் நடப்பவர்களுக்கு நான் சாட்சி தேட வேண்டியதில்லை.

இனி அந்தச் சிவப்பு மை. இந்த வினைக்கு இரண்டு ஐகார உருபு பொருந்தாது என்ற அளவில் ஆசிரியர் சொன்னது சரிதான். 'ஏரியைத் தூரை வாரினார்கள்' என்று யாரும் பேசுவதில்லை. ஆனால் நான் எழுதியது அதுவல்ல, 'ஏரியைத் தூர்வாரினார்கள்'. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஓர் ஐகாரம் மட்டும்தான். அந்த ஐகாரம் விழுந்ததும் தூர் வினைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அது முன்பு இருந்த நாற்காலி காலியாகிறது. அங்கே ஏரி வந்து அமர்ந்து, தனக்கு ஓர் ஐகாரத்தை ஏற்றுக்கொள்கிறது. ஆட்டைத் தோலுரித்தான், மரத்தை வேரறுத்தான், வயலைக் களையெடுத்தான், வீட்டை விலைபேசினான், அவனை அடையாளம் கண்டான் எல்லாம் இதே நடை. உரிக்கப்படுவது தோல்தான், ஆனாலும் ஐகாரம் ஆட்டுக்குப் போகிறது. ஆசிரியர் கணக்கில் கசாப்புக் கடையிலும் இலக்கணப் பிழைதான் தொங்குகிறது.

இதைப் பெயர் உள்ளிணைப்பு என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கப் பழங்குடி மொழிகளில் இப்படி ஒன்று இருக்கிறதா என்றே ஒரு காலத்தில் சண்டை நடந்தது. மானிடவியலாளர் குரோபர் ஐயம் கிளப்ப, 1911இல் எட்வர்ட் சப்பீர் மொழி மொழியாகச் சான்று வைத்து மறுத்தார். 1984இல் மரியான் மிதுன் இதை நான்கு வகையாகப் பிரித்தார். அவற்றில் இரண்டாவது, பெயர் வினைக்குள் நுழைய, அது விட்ட செயப்படுபொருள் இடத்தை வேறொரு பெயர் பிடித்துக்கொள்வது. நம் ஏரிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. தமிழில் இது இருக்கிறதென்று சான்ஃபோர்ட் ஸ்டீவர் 1979இலேயே எழுதினார். கட்டுரைத் தலைப்பில், 'உன்னைப் போன்ற பெயருக்கு இப்படிப்பட்ட வினைக்குள் என்ன வேலை' என்று கேலியாகக் கேட்டிருந்தார்.

'இது வெறும் தொகைதானே, இதற்கு ஏன் புதுப்பெயர்?' என்பார் ஒருவர். நம் இலக்கணத்திலும் இதற்கு இடமுண்டு. பவணந்தியார் தொகைநிலைத் தொடரை வகுக்கும்போது பெயரோடு பெயர் மட்டுமல்ல, பெயரோடு வினையும் உருபு ஒழிந்து ஒருமொழி போல் நடக்கும் என்கிறார். தொல்காப்பியர் எச்சவியலில் எல்லாத் தொகையும் ஒரு சொல்லாக நடக்கும் என்று முடிக்கிறார். பெட்டி தயார், ஆனால் இரண்டு சரக்கையும் ஒரே பெட்டியில் போட்டதால்தான் குழப்பம். புணர்ச்சியில் அவர்களே வேறுபாட்டைக் காட்டிவிட்டார்கள். ஐகார வேற்றுமை மற்ற வேற்றுமை போல் புணராது என்று தொகைமரபில் தனி நூற்பா வைத்தவர் தொல்காப்பியர். நன்னூலாரும் இரண்டாம் வேற்றுமைக்குத் தனி விதி வைத்தார்.

காதால் கேட்டே இதைப் பிரிக்கலாம். மோர்க்குடம் என்கிறோம், மோர் குடித்தான் என்கிறோம். கொடிக்கம்பம், ஆனால் கொடி பிடித்தான். பற்பசை, ஆனால் பல் தேய்த்தான். பணப்பெட்டி, ஆனால் பணம் கட்டினான். பெயரும் பெயரும் சேர்ந்தால் வல்லினம் மிகும், லகரம் றகரமாகும், மகரம் உதிரும். பெயர் வினைக்குள் புகுந்தால் இவற்றில் ஒன்றும் நடக்காமல் சொல் அப்படியே நிற்கிறது. இதற்கு என் செல்ல எடுத்துக்காட்டு சினிமாக்காரர்களுடையது. படம் பிடித்தார்கள் என்னும்போது மகரம் உயிரோடு இருக்கிறது. அதையே பெயராக்கிப் பிடிப்பு என்று வைத்த உடனே படப்பிடிப்பு ஆகிவிடுகிறது. மகரம் போனது, பகரம் மிகுந்தது. ஒரே படம், ஒரே பிடி, இரண்டு வேறு கட்டுமானம். மரங்கொத்தியில் மகரம் முழுதாகப் போகவில்லை, ஙகரமாகி நிற்கிறது. மரக்கிளையில் சுவடே இல்லை. (நகவெட்டி எனக்கு எதிர்ச்சாட்சி. அது கருவியின் பெயராக இறுகிப்போனது என்று சமாதானம் சொல்லலாம். முழுத் திருப்தி எனக்கே இல்லை.)

எங்கள் ஊர்ப்பெயரையே பாருங்கள். கோவிலும் பதாகையும் பெயர்ச்சொற்கள். விதிப்படி கோவிற்பதாகை ஆக வேண்டியது. பேருந்துப் பலகை எழுதுபவர்கள் லகரத்தை விட்டுவிட்டார்கள், நாமும் விட்டுவிடுவோம். கேள்வி வேறு: இந்த இரண்டுக்கும் நடுவில் எதையாவது நுழைக்க முடியுமா? 'கோவிலும்பதாகை' என்றால் ஊரே சிரிக்கும். 'ஏரியைத் தூரும் வாரவில்லை, கரையும் கட்டவில்லை' என்றால் சிரிப்பதில்லை. வார்டு கூட்டத்தில் கைதட்டுவார்கள். உம்மையும் ஏகாரமும் 'கூட'வும் தூருக்குப் பின்னால் தாராளமாக நுழைகின்றன. ஒரு சொல்லின் நடுவே உம்மை நுழையாது. ஆகவே தூர்வாருதல் சொல்லாக்கத்தில் முடிந்துபோன தொகைச்சொல் அல்ல. தூர் இன்னும் வாக்கியத்தின் கண்ணில் படுகிறது.

ஆனால் முழுச் சுதந்திரமும் அதற்கு இல்லை. அதை அடைமொழியால் தொட்டுப் பாருங்கள். 'ஏரியிலிருந்து இருபது லாரித் தூரை வாரினார்கள்' சரி. 'ஏரியை இருபது லாரித் தூர் வாரினார்கள்' நாக்கில் தடுக்குகிறது. எண்ணும் நிறமும் அளவும் வேண்டுமென்றால் தூர் வெளியே வந்து உருபு பூண்டுகொள்ள வேண்டும்; உள்ளே இருக்கும்வரை 'ஆழமாக', 'அரைகுறையாக' என்று வினைக்குத்தான் அடை. இடம் மாற்றிப் பாருங்கள்: தூரை ஏரியிலிருந்து வாரினார்கள், சரி, 'தூர் ஏரியை வாரினார்கள்' என்றால் சேறே எழுந்து வந்து ஏரியை அள்ளுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை பெயரெச்சம். 'தூர்வாரிய ஏரி' என்று சொல்கிறோம். 'ஏரியை வாரிய தூர்' என்று சொல்லிப் பாருங்கள்; வராது. செயப்படுபொருள் எச்சத்தின் தலையாக வெளியே வர முடியும். தூரால் முடியவில்லை, ஏரியால் முடிகிறது. செயப்பாட்டுவினையும் அதையே சொல்கிறது. 'ஏரி தூர்வாரப்பட்டது' என்று செய்தித்தாள் எழுதும்போது எழுவாயாக எழுந்து நிற்பது ஏரி. ஏரி உண்மையான செயப்படுபொருளாக இல்லாவிட்டால் இந்த வாக்கியம் பிறந்திருக்கவே முடியாது. திருத்திய ஆசிரியர் இந்த வாக்கியத்தைத் தினமும் காலையில் படிக்கிறவர்.

இன்னொரு நுட்பம் உண்டு. 'மண்வெட்டியை எடுத்தான், அது ஈரமாக இருந்தது' என்றால் ஈரமாக இருந்தது மண்வெட்டி. உள்ளே இருக்கும் மண்ணை 'அது' சுட்டாது. 'ஏரியைத் தூர்வாரினார்கள், அதை லாரியில் ஏற்றி விற்றார்கள்' என்றால்? ஏரியையா லாரியில் ஏற்றினார்கள்? கேட்பவர் ஒரு நொடியில் தூரைப் பிடித்துக்கொள்கிறார். கிரீன்லாந்து மொழியில் வினைக்குள் புகுந்த பெயரும் இப்படிப் பின்வரும் பேச்சில் சுட்டப்படுவதை ஜெரால்ட் சேடக் 1980இல் காட்டினார். தொகைச்சொல்லுக்குள் போன பெயர் செத்துப்போகிறது. வினைக்குள் போன பெயர் தூங்குகிறது, கூப்பிட்டால் விழிக்கிறது.

'ஏரியை மராமத்து செய்தார்கள்' என்பதையும் இதோடு சேர்ப்பவர்கள் உண்டு. மராமத்து அரபியிலிருந்து வந்து, குடிமராமத்தாக நம் ஊர்க்கட்டுப்பாட்டில் கலந்த சொல். அங்கே செய் என்பது வெறும் தாங்கு கட்டை. பொருள் முழுதும் மராமத்தில் இருக்கிறது. போன் பண்ணு, பிளாக் பண்ணு எல்லாம் அந்தக் குடும்பம். மராமத்து செயலின் பெயர்; செய்யப்படும் பொருள் அல்ல. தூர்வாருதலில் வாருதல் உண்மையாகவே வாருகிறது, தூர் உண்மையாகவே கையில் ஒட்டுகிறது. இரண்டையும் ஒன்றாக்குவது சோம்பல். அதேபோல் 'சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான்' என்பதில் குவ்வுருபு நிற்கும்வரை சுண்ணாம்பு இன்னும் தன் இடத்தை விடவில்லை. எல்லாப் பெயரும் உள்ளே போய்விடுவதில்லை; ஓர் ஊர் மக்கள் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைதான் அப்படி இறுகுகிறது. ஆடுரிப்பவன் தோலையும், ஏரிப்பாசனக்காரன் தூரையும் வினைக்குள் வாங்கிக்கொண்டது தற்செயல் அல்ல என்பது என் துணிபு.

ஆகவே எழுதும்போது ஒரு சிறு ஒழுங்கு போதும். ஏரிக்கு ஐகாரம் வந்தால் தூர்வாரி என்று சேர்த்து எழுதுங்கள். தூருக்கு ஐகாரம் வந்தால் பிரித்து எழுதி, ஏரிக்கு இன்னோர் உருபு கொடுங்கள். இரண்டும் தமிழ்தான். இரண்டாவதைக் காட்டி முதலாவதை அடிப்பதுதான் தமிழ் அல்ல.

மனுவை 'ஏரியைத் தூர்வாரித் தர வேண்டும்' என்றே மறுபடி எழுதி, கையெழுத்து வாங்க ஆசிரியர் வீட்டுக்கே போனேன். படித்துப் பார்த்துவிட்டுப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.